படிமாற்றச் சோதனை செய்தும் வெந்நீர் லூப் ஊசலாடுகிறது: டெட் டைமை நான் தவறாக வாசித்தேனா?

#1 கதிர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் கருவியியல் பிரிவில் பணிபுரிகிறேன். நீராவியால் தண்ணீரைச் சூடாக்கும் தட்டு வெப்பப் பரிமாற்றி ஒன்றின் வெப்பநிலை லூப்பை ட்யூன் செய்யும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. நீராவி வால்வைக் கட்டுப்படுத்தி இயக்குகிறது. வெளியேறும் குழாயில் பி.டி.100 உணரி இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் அளவு வீச்சு 0 முதல் 100 டிகிரி வரை.

லூப்பை மேனுவலில் வைத்து, வால்வை 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு ஒரே படியாக உயர்த்தினேன். வெப்பநிலை 62 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறி நிலைத்தது. ஆலையின் தரவுப் பதிவுக் கணினியிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, படி மாற்றத்துக்கு 8 வினாடிக்குப் பிறகு கோடு மேலே திரும்புகிறது. 63 சதவீத உயர்வு 80 ஆவது வினாடியில் வருகிறது. எனவே டெட் டைம் 8 வினாடி, நேர மாறிலி 72 வினாடி, பரிமாற்றியின் கெயின் 0.8 என்று எடுத்துக்கொண்டேன். சீக்லர்–நிக்கல்ஸ் விதியில் இவற்றை இட்டபோது கட்டுப்படுத்தியின் கெயின் Kc = 13.5, இன்டக்ரல் நேரம் Ti = 16 வினாடி, டெரிவேட்டிவ் நேரம் Td = 4 வினாடி என்று வந்தது.

ஆட்டோவில் போட்டதும் வால்வு முழுத் திறப்புக்கும் முழு மூடலுக்கும் இடையே அடித்துக்கொண்டது. கெயினைப் பாதியாக்கியும் நிற்கவில்லை. மீண்டும் பாதியாக்கி 3.4 இல் வைத்தபோது வால்வு எல்லையைத் தொடுவது நின்றது, ஆனால் வெப்பநிலை ஒன்றரை டிகிரி மேலும் கீழுமாக, 110 வினாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், குறையாமலும் வளராமலும் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. கெயினை நான்கில் ஒரு பங்காக்கிய பிறகும் ஊசல் ஏன் அடங்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

#2 சேகர்

தம்பி, பிழை உங்களிடம் இல்லை, விதியில் இருக்கிறது. சீக்லரும் நிக்கல்ஸும் அந்த விதியை 1942 இல் வெளியிட்டபோது, ஒவ்வொரு ஊசலும் முந்தையதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்பதையே இலக்காகக் கொண்டார்கள். இன்றைய ஆலைகளில் எவரும் அவ்வளவு ஊசலைப் பொறுத்துக்கொள்வதில்லை. நான் 18 ஆண்டுகளாக எந்த லூப்பிலும் அந்த விதியைப் பயன்படுத்தியதில்லை. கெயினை இன்னும் ஒரு முறை பாதியாக்குங்கள், அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். பொசிஷனரைக் கழற்றிப் பாருங்கள்.

#3 வளர்மதி

சேகர் அவர்கள் விதியின் இலக்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கதிரின் லூப்பில் நடப்பது அதுவன்று. கால் பங்காகக் குறைய வேண்டிய ஊசல், கெயினை நான்கில் ஒரு பங்காக்கிய பிறகும் குறையாமல் நிற்கிறது என்றால், விதிக்குள் சென்ற எண்களில் ஏதோ ஒன்று பெரிய அளவில் பிழையாக இருக்கிறது.

நான் ஓர் உர ஆலையில் 30 ஆண்டுகள் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். இப்படிப்பட்ட புகார்களில் நான் முதலில் சந்தேகிப்பது டெட் டைமைத்தான். அந்த விதியில் கெயின், Ti, Td ஆகிய மூன்றுமே டெட் டைமைச் சார்ந்தவை. அதைப் பாதியாக வாசித்தால் கெயின் இரண்டு மடங்காகும், Ti பாதியாகும். இரண்டுமே லூப்பை ஒரே திசையில் ஊசலை நோக்கித் தள்ளும். கெயினை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் பிழையின் ஒரு பாதிதான் சரியாகும்; Ti அப்படியே குறுகலாக நிற்கும்.

கதிர், எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். உங்கள் தரவுப் பதிவுக் கணினி எத்தனை வினாடிக்கு ஒரு முறை மதிப்பைச் சேமிக்கிறது? ஒவ்வொரு மதிப்பையும் சேமிக்கிறதா, மாற்றம் இருந்தால் மட்டும் சேமிக்கிறதா? ஊசலின்போது கட்டுப்படுத்தியின் வெளியீடு வளைவாகச் செல்கிறதா, ரம்பப் பல் போல நேர்கோடுகளாகச் சென்று திரும்புகிறதா? மூன்றாவது கேள்வி சேகர் அவர்கள் எழுப்பிய ஐயத்துக்காக. வால்வு ஒட்டினால், இன்டக்ரல் சேர்ந்து சேர்ந்து வெளியீடு சாய்கோடாக ஏறும்; வால்வு ஒரேயடியாகத் துள்ளியதும் திசை மாறும். அதை வரைபடத்திலேயே அடையாளம் காணலாம்.

#4 இர்பான்

வணக்கம். எனக்கும் இதே சிக்கல்தான், எனவே இங்கேயே கேட்கிறேன். எங்களுடையது சாயப்பட்டறை. சாயத் தொட்டியில் நீராவிச் சுருள் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் 0–150 டிகிரி. 60 டிகிரியில் வால்வு 20 சதவீதத்தில் நின்றபோது வெப்பநிலை அசையாமல் இருந்தது. 30 சதவீதத்துக்கு உயர்த்தினேன். 45 வினாடி கழித்து ஏறத் தொடங்கி, நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏறிக்கொண்டே போனது, நிலைக்கவே இல்லை. 8 நிமிடம் காத்திருந்து, சாயம் கெட்டுவிடும் என்று நிறுத்திவிட்டேன். இறுதி மதிப்பே தெரியாதபோது 63 சதவீதத்தை எங்கிருந்து கணக்கிடுவது?

#5 கதிர்

வளர்மதி அம்மா, நீங்கள் கேட்டதை இன்று சரிபார்த்தேன். பதிவுக் கணினியில் இந்தக் குறிக்கு 0.5 டிகிரி மாற்றம் ஏற்பட்டால் மட்டுமே மதிப்பு சேமிக்கப்படுகிறது. மாற்றம் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மதிப்பு பதிவாகிறது. இடைப்பட்ட பகுதியை மென்பொருள் நேர்கோட்டால் இணைத்து வரைகிறது. இது எனக்கு இதுவரை தெரியாது.

வெளியீட்டின் ஊசல் வளைவாகவே இருக்கிறது. ரம்பப் பல் இல்லை. மேனுவலில் வால்வை 1 சதவீதம் மட்டும் நகர்த்திப் பார்த்தேன். தண்டு இரு திசையிலும் நகர்வதைக் கண்ணால் பார்த்தேன்.

சோதனையை மீண்டும் செய்து, இம்முறை கட்டுப்படுத்தியின் திரையிலேயே 1 வினாடிப் பதிவாக எடுத்தேன். சில புள்ளிகளை மட்டும் இங்கே தருகிறேன். முதல் எண் படி மாற்றத்துக்குப் பிந்தைய வினாடி, இரண்டாவது டிகிரி.

```
  0   62.0
 10   62.0
 20   62.1
 30   63.2
 40   64.3
 60   65.9
 80   67.1
120   68.5
180   69.4
240   69.8
300   69.9
360   70.0
```

#6 வளர்மதி

இப்போது நடந்தது தெளிவாகிவிட்டது. பழைய வரைபடத்தில் நீங்கள் பார்த்த 8 ஆவது வினாடி, தண்ணீர் சூடாகத் தொடங்கிய நேரமன்று. நிமிடத்துக்கு ஒரு முறை விழும் பதிவு அன்று தற்செயலாக விழுந்த நேரம். அதில் 62.0 என்று ஒரு புள்ளி. அடுத்து 62.5 ஐத் தொட்டபோதுதான் இன்னொரு புள்ளி. அது ஏறத்தாழ 24 ஆவது வினாடியில் விழுந்திருக்கும். மென்பொருள் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்ததால், தண்ணீர் 8 ஆவது வினாடியிலிருந்தே மெல்ல ஏறியதைப் போலத் தோன்றியது. நிமிடப் பதிவு படி மாற்றத்துக்குச் சற்று முன்னதாக விழுந்திருந்தால், வால்வு திறக்கும் முன்பே வெப்பநிலை ஏறியதாகக் கோடு காட்டியிருக்கும்; அதைப் பார்த்திருந்தால் நீங்களே சந்தேகித்திருப்பீர்கள்.

புதிய பதிவில் தொடக்கப் புள்ளியைக் கண்ணால் தேட வேண்டாம். உயர்வு 8 டிகிரி. அதில் 28.3 சதவீதம் என்பது 64.26, அது 40 ஆவது வினாடியில் வருகிறது. 63.2 சதவீதம் என்பது 67.06, அது 80 ஆவது வினாடியில் வருகிறது. டெட் டைமுடன் நேர மாறிலியில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் முதல் புள்ளி, முழு நேர மாறிலி கழிந்தால் இரண்டாவது புள்ளி. எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒன்றரையால் பெருக்கினால் நேர மாறிலி கிடைக்கிறது.

```
tau   = 1.5 * (80 - 40) = 60 s
theta = 80 - 60         = 20 s
K     = 8 / 10          = 0.8
```

டெட் டைம் 8 அன்று, 20. இந்த முறையிலும் பிழை வரும்: ஒரு புள்ளியை 2 வினாடி தவறி வாசித்தால் நேர மாறிலி 3 வினாடி மாறும், டெட் டைமும் சில வினாடிகள் மாறும். ஆயினும் அது 20 ஐ 8 ஆக்கிவிடாது.

உங்கள் 110 வினாடியும் இதே கதையைச் சொல்கிறது. இந்த எண்கள் கொண்ட லூப்பில் இன்டக்ரலும் டெரிவேட்டிவும் இல்லாமல் கெயினை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், சுமார் 6.7 இல் ஊசல் நிலைத்து நிற்கும். அதன் சுற்று 70 வினாடியை ஒட்டி இருக்கும், அதாவது டெட் டைமைப் போல மூன்றரை மடங்கு. நீங்கள் வைத்த 13.5 இதைப் போல இரண்டு மடங்கு, 6.75 கூட விளிம்பைத் தாண்டியது. 3.4 இல் வந்த 110 வினாடி, டெட் டைமைப் போல ஐந்தரை மடங்கு. ஊசல் இப்படி மெதுவானதாக இருக்கும்போது, அதை வளர்ப்பது பெரும்பாலும் இன்டக்ரல்தான். கெயின் 3.4, Ti 16, Td 4 ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். லூப் நிலைத்தன்மையின் விளிம்பில் நிற்கிறது. ஊசலின் சுற்றும் 110 வினாடி என்றே வருகிறது.

நான் பரிந்துரைப்பது, நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் பணியாற்றிய ஸ்கோகெஸ்டாட் 2003 இல் வெளியிட்ட விதி. அதில் லூப் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அந்த நேரத்தை டெட் டைமுக்குச் சமமாக வைப்பது நல்ல தொடக்கம்.

```
tau_c = theta = 20 s
Kc = tau / (K * (tau_c + theta)) = 60 / (0.8 * 40) = 1.9
Ti = min(tau, 4 * (tau_c + theta)) = min(60, 160) = 60 s
```

டெரிவேட்டிவ் இப்போதைக்குப் பூஜ்யம். எண்களை இடும் முன் உங்கள் கட்டுப்படுத்தி Ti ஐ வினாடியில் எடுக்கிறதா, நிமிடத்தில் எடுக்கிறதா என்று பாருங்கள். கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம். வால்வைத் தனிமைப்படுத்திவிட்டு, கெயின் 1, Ti 60 என்று வைத்து, 5 சதவீதப் பிழையை உருவாக்குங்கள். வெளியீடு உடனே 5 சதவீதம் துள்ளி, பிறகு மெல்ல ஏறும். அடுத்த 5 சதவீதத்தை ஏற ஒரு நிமிடம் எடுத்தால் அலகு வினாடி. ஒரு மணி நேரம் ஆகும் போலத் தெரிந்தால் அலகு நிமிடம்.

#7 சேகர்

வால்வு ஒட்டவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டெட் டைம் 20 என்று தெரிந்த பிறகு, அதே பழைய விதியில் அந்த எண்ணை இட்டால் என்ன ஆகும்? விதி சரி, வாசிப்புதான் தவறு என்கிறீர்களா?

#8 வளர்மதி

இட்டுப் பார்க்கலாம். சரியான எண்களில் சீக்லர்–நிக்கல்ஸ் தருவது Kc = 4.5, Ti = 40, Td = 10. லூப் ஊசலாடியபடியே அடங்கும். ஆனால் அடங்குவதற்கான இடைவெளி மிகக் குறைவு: லூப்பின் மொத்தக் கெயின் சுமார் 45 சதவீதம் கூடினால் ஊசல் நிற்காது. நான் சொன்ன எண்களில் அது மூன்று மடங்கு கூடும் வரை தாங்கும். எனவே நீங்கள் அந்த விதியைத் தவிர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இந்த லூப்பைக் கெடுத்தது விதியன்று.

இந்த இடைவெளி ஏன் தேவை என்றால், வெப்பப் பரிமாற்றியின் கெயின் ஓரிடத்தில் நிற்பதில்லை. தண்ணீர் ஓட்டம் பாதியானால், அதே நீராவி பாதித் தண்ணீரைச் சூடாக்குகிறது. கெயின் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தண்ணீர் உணரியை வந்தடையவும் அதிக நேரம் எடுக்கும், டெட் டைமும் வளரும். கதிர், உங்கள் ஓட்டம் நாள் முழுவதும் ஒரே அளவா?

இர்பான் அவர்களே, உங்களுடையது இதே சிக்கலன்று. கதிரின் பரிமாற்றியில் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிறது, அதனால் வெப்பநிலை ஓரிடத்தில் நிலைக்கிறது. உங்கள் தொட்டியில் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் ஓட்டம் இல்லை, எனவே நீங்கள் காத்திருக்கும் நேரத்துக்குள் அது நிலைக்காது. இறுதி மதிப்பு உங்களுக்குத் தேவையும் இல்லை. ஏறும் வேகம் போதும். நிமிடத்துக்கு 3 டிகிரி என்பது வினாடிக்கு 0.05 டிகிரி. உங்கள் வீச்சு 150 டிகிரி என்பதால் அது வினாடிக்கு 0.0333 சதவீதம். வால்வை 10 சதவீதம் நகர்த்தியதால், ஒரு சதவீத வால்வுக்கு 0.00333.

```
Kc = 1 / (0.00333 * (45 + 45)) = 3.3
Ti = 4 * (45 + 45) = 360 s
```

டிகிரியைச் சதவீதமாக மாற்றாமல் விட்டால் கெயின் ஒன்றரை மடங்கு பிசகும். கதிரின் வீச்சு 100 டிகிரி என்பதால் அவருக்கு அந்த மாற்றம் தேவைப்படவில்லை. உங்கள் Ti இப்போது எவ்வளவு?

#9 இர்பான்

60 வினாடி அம்மா. முந்தைய ஒப்பந்தக்காரர் வைத்துவிட்டுப் போனது. செட்பாயிண்டைத் தாண்டி 4 டிகிரி ஏறி, பல நிமிடம் கழித்துத் திரும்புகிறது. இது வேறு வகை லூப் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த தொகுதியில் 360 வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

#10 நிலா

நான் கருவியியலில் முதுகலை ஆய்வு மாணவி. டெரிவேட்டிவைப் பூஜ்யமாக விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டெட் டைம் நேர மாறிலியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் லூப்பில் டெரிவேட்டிவ் பயன் தரும். உள்மாதிரி முறைப்படி, மூடிய லூப்பின் நேரத்தை 20 வினாடி என்று வைத்தால் Kc = 2.9, Ti = 70, Td = 8.6 என்று வருகிறது. கெயின் 1.9 இலிருந்து 2.9 ஆகும்போது, நீராவி அழுத்தம் திடீரெனக் குறையும் தருணங்களில் வெப்பநிலை விழும் ஆழம் குறையும். பாலைச் சூடாக்கும் தண்ணீருக்கு அது முக்கியம் அல்லவா?

#11 வளர்மதி

முக்கியம்தான், உங்கள் கணக்கிலும் பிழை இல்லை. நான் தயங்குவதற்குக் காரணம் கதிரின் அளவீடு. அவர் தந்த எண்களில் வெப்பநிலை 0.1 டிகிரிப் படிகளாக நகர்கிறது. கட்டுப்படுத்தி 1 வினாடிக்கு ஒரு முறை கணக்கிட்டால், ஒவ்வொரு 0.1 டிகிரித் துள்ளலுக்கும் டெரிவேட்டிவ் மட்டும் வால்வை 2.5 சதவீதம் உதைக்கும். அளவீடு இரு எண்களுக்கிடையே தத்தளிக்கும் நேரங்களில் வால்வு ஓயாமல் குலுங்கும். 4 வினாடி வடிகட்டி சேர்த்தால் அது அரை சதவீதம் அளவுக்குக் குறையும், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் டெரிவேட்டிவ் இல்லாமல் ஓட்டி, கதிருக்கு அது போதுமா என்று பார்த்த பிறகு சேர்ப்பதே நான் பழகிய வழி.

#12 நிலா

வடிகட்டியுடன் சேர்க்கலாம் என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் தொடக்கத்திலேயே சேர்ப்பதில் என்ன தடை? வெளியீட்டின் குலுக்கலை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே. டெரிவேட்டிவ் என்றாலே அஞ்சி ஒதுக்குவதால், பல லூப்கள் தேவையின்றி மந்தமாக ஓடுகின்றன என்பது என் கருத்து.

#13 கதிர்

நான்கு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். Ti இன் அலகை அம்மா சொன்ன வழியில் சோதித்தேன், வினாடிதான். Kc = 1.9, Ti = 60, Td = 0 என்று வைத்தேன்.

பகலில் செட்பாயிண்டை 65 இலிருந்து 70 க்கு உயர்த்தினேன். வால்வு உடனே 9.5 சதவீதம் துள்ளியது. 20 வினாடி வரை எந்த அசைவும் இல்லை. பிறகு வெப்பநிலை சீராக ஏறி, 70.2 வரை சென்று, திரும்பி வந்து நின்றது. இரண்டு மாதமாக இந்தத் திரையில் நேர்கோட்டை நான் பார்த்ததே இல்லை. நீராவி அழுத்தம் விழுந்த ஒரு தருணத்தில் வெப்பநிலை 1.2 டிகிரி இறங்கி, சில நிமிடங்களில் மீண்டது. உற்பத்தியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நிலா சொன்ன எண்களை இன்னும் முயலவில்லை.

ஆனால் அம்மா கேட்ட ஓட்டக் கேள்வி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. இரவில் ஒரு பம்ப் நிறுத்தப்பட்டு, ஓட்டம் ஏறத்தாழ பாதியாகிறது. அந்த நேரத்தில் ஒரு சிறு இடையூறு வந்தாலும் வெப்பநிலை இரண்டு நிமிடச் சுற்றில் பல ஊசல்கள் ஆடிய பிறகே அடங்குகிறது.

நேற்று இரவு மேனுவலில் வால்வை 22 இலிருந்து 27 க்கு உயர்த்தி மீண்டும் சோதித்தேன். 65.0 இலேயே 30 ஆவது வினாடி வரை நின்றது. 40 இல் 65.9, 50 இல் 66.8, 60 இல் 67.5. 150 ஆவது வினாடியில் எவரோ கழுவும் பிரிவில் வெந்நீர் வால்வைத் திறந்துவிட்டார்கள்; அதற்குப் பிந்தைய பதிவு பயனற்றுப் போய்விட்டது. இறுதி மதிப்பு எனக்குத் தெரியாது. உற்பத்தி ஓடும்போது மீண்டும் சோதிக்க அனுமதி கிடைப்பதும் கடினம்.

#14 இர்பான்

கதிர், எனக்கு அம்மா சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறதே. இறுதி மதிப்பு வேண்டாம், ஏறும் வேகம் போதும் என்றார்களே.

எனக்கு 360 நன்றாக அமைந்தது. தாண்டல் 4 டிகிரியிலிருந்து 1 டிகிரிக்கு வந்துவிட்டது.

#15 வளர்மதி

இர்பான் சரியாகப் பிடித்துவிட்டார். நான் தந்த விதியில் கெயினைக் கணக்கிட K உம் tau உம் தனித்தனியாகத் தேவையில்லை. அவற்றின் விகிதம் போதும். அந்த விகிதம், வெப்பநிலை ஏறத் தொடங்கியவுடன் இருக்கும் செங்குத்தான சரிவிலேயே அடங்கியிருக்கிறது. கதிரின் பதிவில் அது 10 வினாடிக்கு 0.9 டிகிரி, அதாவது வினாடிக்கு 0.09. வால்வு நகர்ந்தது 5 சதவீதம், எனவே 0.018.

```
Kc = 1 / (0.018 * (30 + 30)) = 0.93
```

பகலில் 1.9, இரவில் 0.93. இரவு ஊசலுக்கான காரணம் இதுவே. Ti க்கு மட்டும் நேர மாறிலி தேவை. அதற்கு இறுதி மதிப்பு வேண்டும், அது உங்களிடம் இல்லை. ஓட்டம் குறைந்தால் நேர மாறிலி வளருமே தவிர 60 இலிருந்து குறையாது என்பது என் ஊகம். 80 வைத்துத் தொடங்கலாம்.

#16 சேகர்

அப்படியானால் எப்போதுமே 0.93 வைத்துவிடலாமே? நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்: மிக மோசமான நிலைக்கு ட்யூன் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். இரவுப் பணியாளர்கள் எண்களை மாற்றும் நிலையே வரக்கூடாது.

#17 வளர்மதி

பாதுகாப்பான வழிதான், நானும் பல லூப்களில் அதைச் செய்திருக்கிறேன். இங்கே அதற்கு ஒரு விலை உண்டு. பகலில் நீராவி அழுத்தம் விழும்போது, இப்போது சில நிமிடங்களில் மீளும் வெப்பநிலை, ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். இறக்கமும் ஓரளவு ஆழமாகும். அந்தத் தண்ணீர் பாலைச் சூடாக்குவதால், 1.2 டிகிரிக்கு மேல் எவ்வளவு இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை உற்பத்திப் பிரிவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓட்டமானி இருந்தால், ஓட்டத்தின் அளவைப் பொறுத்துக் கெயினைக் கட்டுப்படுத்தியே மாற்றிக்கொள்ளும்படி அமைக்கலாம். உங்களிடம் ஓட்டமானி இருக்கிறதா, கதிர்?

#18 கதிர்

ஓட்டமானி இல்லை அம்மா. ஆனால் எத்தனை பம்புகள் ஓடுகின்றன என்ற சமிக்ஞை பி.எல்.சி.க்குள் வருகிறது. இரண்டு பம்ப் ஓடினால் 1.9 உம் 60 உம், ஒரு பம்ப் ஓடினால் 0.93 உம் 80 உம் என்று மாற்றும்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். பம்ப் மாறும் கணத்தில் வால்வு துள்ளுமா என்பதுதான் என் அச்சம்.

#19 நிலா

துள்ளுமா என்பது உங்கள் கட்டுப்படுத்தி இன்டக்ரலை எப்படிச் சேமிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் வெளியீட்டின் மாற்றத்தை மட்டும் கணக்கிட்டுச் சேர்ப்பதாக இருந்தால் துள்ளாது. பிழையின் கூட்டுத்தொகையைச் சேமித்து, பிறகு Kc/Ti ஆல் பெருக்குவதாக இருந்தால், பிழை பூஜ்யமாக இருந்தாலும் எண் மாறிய கணத்தில் வெளியீடு பெரிதாகத் துள்ளும். பகலில் Kc/Ti 0.032, இரவில் 0.012. வால்வு 40 சதவீதத்தில் நின்றிருந்தால், அந்த ஒரு கணத்தில் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வால்வைத் தனிமைப்படுத்தி, பிழையைப் பூஜ்யத்தில் வைத்து, கெயினையும் Ti ஐயும் கையால் மாற்றிப் பாருங்கள். வெளியீடு அசைந்தால் தெரிந்துவிடும்.

#20 கதிர்

ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது அதைச் சோதிக்கிறேன். அன்றே ஒரு பம்பை மட்டும் ஓட்டி, கழுவும் பிரிவின் வால்வைப் பூட்டிவிட்டு, 10 நிமிடம் முழுப் பதிவையும் எடுத்து, 80 என்ற ஊகம் சரியா என்று பார்க்கிறேன். பதிவுக் கணினியிலிருந்து எடுக்க மாட்டேன். திரையில் 1 வினாடிப் பதிவாகவே எடுப்பேன். 0.5 டிகிரி வரம்பை 0.1 ஆகக் குறைக்கச் சொல்லி அந்தக் கணினியைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இடம் போதாது என்று முதல் பதில் வந்திருக்கிறது.